பணம் யார் கையில் தூங்கியது? பங்கு விண்ணப்பத்தின் கதை



போன மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே தொலைபேசி அடித்தது. என்னோடு பதினேழு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தமிழ் டீச்சர். குரலில் பதற்றம்.

"சார், என் கணக்கில் 38,000 ரூபாய் இருக்கிறது. பாஸ்புக்கில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பேத்தி பள்ளிக் கட்டணத்துக்கு 18,500 ரூபாய்க்குக் கொடுத்த செக் திரும்பி வந்துவிட்டது. பணம் இருக்கும்போதே எப்படி சார் செக் திரும்பும்?"

"டீச்சர், இந்த வாரம் ஏதாவது பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பம் போட்டீர்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மெதுவாக, "மகன் சொன்னான் என்று திங்கட்கிழமை போட்டேன் சார். ஆனால் பணம் கட்டவில்லையே? பணம் இன்னும் என் கணக்கில்தானே இருக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது சரி. பணம் அவருடைய கணக்கில்தான் இருந்தது. செக்கைத் திருப்பி அனுப்பிய வங்கி செய்ததும் சரிதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதற்குப் பின்னால் முப்பது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் வணிகவியல் நடத்தியவன் நான். அன்று டீச்சருக்கு போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய காலம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பங்குக்கு விண்ணப்பித்தவர்களுக்கு நினைவிருக்கும். தரகர் அலுவலக வாசலில் விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். படிவத்தை நிரப்பி, முழுத் தொகைக்கோ விண்ணப்பத் தொகைக்கோ ஒரு செக்கை இணைத்து, குறிப்பிட்ட வங்கிக் கிளையில் கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு நாளில் செக் பணமாகி நம் கணக்கிலிருந்து போய்விடும். அதன்பிறகு நாம் செய்யக்கூடியது தபால்காரருக்காகக் காத்திருப்பது மட்டுமே. பங்கு ஒதுக்கீடு ஆகியிருந்தால் ஒதுக்கீட்டுக் கடிதம் வரும். ஆகாவிட்டால் ரீஃபண்ட் ஆர்டர் என்ற காகிதம் வரும். அதை மறுபடி வங்கியில் போட்டுப் பணமாக்க வேண்டும்.

அப்போது நடைமுறையில் இருந்த 1956-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, விண்ணப்பம் முடிந்த நாளிலிருந்து பத்து வாரத்துக்குள் பங்குச் சந்தையின் அனுமதி கிடைக்க வேண்டும் என்றது. கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். அதிலும் எட்டு நாளுக்குமேல் தாமதித்தால் வட்டி தர வேண்டும். பத்து வாரம் என்றால் எழுபது நாள். அந்த எழுபது நாளும் நம் பணம் நம் கையில் இல்லை. ஏதோ ஒரு வங்கியில், கம்பெனியின் பெயரில் இருக்கும் ஒரு கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். நமக்கு வட்டி கிடையாது. பத்துப் பேர் விண்ணப்பித்து ஒருவருக்குத்தான் பங்கு கிடைக்கிறது என்றால், மற்ற ஒன்பது பேரின் பணமும் சும்மாவே போய்த் திரும்பி வந்தது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: "பங்கு வெளியீட்டின் வரலாறு என்பது, காத்திருக்கும் நாட்களில் பணம் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறு."

இந்த அநியாயத்துக்கு முதலில் ஒரு வழி கண்டுபிடித்தது 1992-இல். அதன் பெயர் ஸ்டாக்இன்வெஸ்ட். இன்றைய முறைக்கு அதுதான் தாத்தா. ஆனால் இன்று யாருக்கும் அதை நினைவில்லை.

வங்கிக்குப் போய் ஸ்டாக்இன்வெஸ்ட் என்ற தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். பார்க்க செக் மாதிரியே இருக்கும். அந்தத் தொகைக்கு வங்கி நம் கணக்கில் ஒரு பிடிமானம் போட்டுவிடும். பணம் வெளியே போகாது, வட்டியும் நின்றுபோகாது. அந்தத் தாளைப் படிவத்தோடு இணைத்துக் கொடுப்போம். பங்கு ஒதுக்கீடு ஆனால் ஒதுக்கிய பங்குக்கு உரிய தொகையை மட்டும் கம்பெனி அந்தத் தாளில் எழுதி வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ளும். மீதிக்குப் பிடிமானம் நீங்கிவிடும். ஒதுக்கீடே இல்லை என்றால் பணம் கணக்கை விட்டு நகர்ந்திருக்கவே செய்யாது.

யோசனை அருமையானதுதான். தோற்றது எங்கே என்றால், அது காகிதமாக இருந்ததில். தாள் வங்கியிலிருந்து நம் கைக்கு, நம் கையிலிருந்து வசூல் வங்கிக்கு, அங்கிருந்து பதிவாளர் அலுவலகத்துக்கு, மறுபடி நம் வங்கிக் கிளைக்கு என்று ஊர் சுற்ற வேண்டும். வழியில் தொலையும். தவறாகவும் பயன்படுத்தப்பட்டது. கிளைக்குக் கிளை பேரேட்டில் கையால் எழுதிய பிடிமானத்தை யார் எப்போது நீக்குவது என்பதும் குழப்பம். கடைசியில் 2003 நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது. மறுபடியும் செக்கும் ரீஃபண்டும்தான் கதி.

அடுத்து 2008 ஜனவரிக்கு வருவோம். அந்த மாதத்தை மறக்க முடியாது.

ரிலையன்ஸ் பவர் கம்பெனியின் பங்கு வெளியீடு ஜனவரி 15-ஆம் தேதி திறந்து 18-ஆம் தேதி முடிந்தது. விலை 405 முதல் 450 ரூபாய் வரை. வெளியிட்ட பங்கைப் போல சுமார் 73 மடங்குக்கு விண்ணப்பம் குவிந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. சந்தைப் பக்கமே திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அன்று விண்ணப்பம் போட்டார்கள்.

18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளியீடு முடிந்தது. அடுத்த திங்கள், ஜனவரி 21 அன்று, சென்செக்ஸ் ஒரே நாளில் 1,400 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. உலகச் சந்தைகளின் அச்சம் அதற்கு முக்கியக் காரணம். அதோடு, நாட்டின் சேமிப்பில் ஒரு பெரும் பகுதி இந்த ஒரே வெளியீட்டின் விண்ணப்பக் கணக்குகளில் சிக்கிக் கிடந்ததும் ஒரு காரணம் என்று அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. விலை சரிந்த நல்ல பங்கை வாங்கலாம் என்றாலும், ஏற்கெனவே வாங்கியதற்குப் பணம் கட்டலாம் என்றாலும் கையில் பணம் இல்லை. பிப்ரவரி 11 அன்று பங்கு சந்தைக்கு வந்தது. முடிந்த நாளிலிருந்து 24 நாள். 450 ரூபாய்க்கு, சிறு முதலீட்டாளருக்குச் சலுகை போக 430 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே 372 ரூபாய் 50 காசுக்கு முடிந்தது.

விலை குறைந்தது வேறு கதை, அது சந்தையின் இயல்பு. என் அக்கறை அந்த 24 நாளில். பங்கே கிடைக்காதவருக்கும்கூட பணம் ஏன் அத்தனை நாள் கைவிட்டுப் போக வேண்டும்?

அந்த பிப்ரவரியில்தான் சி. பி. பாவே செபியின் தலைவராகப் பொறுப்பேற்றார். பங்குகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றிய என்எஸ்டிஎல் நிறுவனத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. 2008 ஜூலை 30 அன்று செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. முடக்கிய தொகையின் பேரில் செய்யும் விண்ணப்பம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு அஸ்பா என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்டாக்இன்வெஸ்ட் தாத்தா பேரனாகப் பிறந்து வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். யோசனை அதேதான்: பணம் கணக்கிலேயே இருக்கட்டும், அதன்மேல் பிடிமானம் மட்டும் இருக்கட்டும். மாறியது ஒன்றே ஒன்று. இப்போது வங்கிக் கிளைகள் எல்லாம் ஒரே கணினி வலையில் இணைந்திருந்தன. ஊர் சுற்ற வேண்டிய காகிதம் இல்லை. கணினியில் ஒரு கட்டளை போட்டால் பிடிமானம் விழும், இன்னொரு கட்டளை போட்டால் நீங்கும். 1992-இல் தோற்ற யோசனை 2008-இல் ஜெயித்தது அதனால்தான்.

முதன்முதலில் இந்த முறை பயன்பட்டது 2008 செப்டம்பர் 8 அன்று திறந்த 20 மைக்ரான்ஸ் என்ற குஜராத் கனிமக் கம்பெனியின் வெளியீட்டில். அப்போது சிறு முதலீட்டாளருக்கு மட்டும்தான் இந்த வசதி. பழைய செக் முறையும் கூடவே ஓடியது. பிறகு படிப்படியாக விரிந்தது. 2010-இல் வெளியீடு முடிந்து பங்கு சந்தைக்கு வரும் காலத்தை 22 நாளிலிருந்து 12 வேலை நாளாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் முதல் பெரிய நிறுவன முதலீட்டாளரும் முழுத் தொகையையும் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. இதை முக்கியமாகச் சொல்கிறேன். அதுவரை அவர்கள் பத்து சதவீதம் மட்டும் கட்டிவிட்டு நூறு சதவீதத்துக்குக் கேட்கலாம். பல மடங்கு விண்ணப்பம் குவிந்தது என்ற செய்திகளில் பாதி வெறும் காற்றுதான். 2016 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் அஸ்பா கட்டாயம் ஆனது. செக் முறை அன்றோடு செத்தது. காலமும் 6 வேலை நாளாகக் குறைந்தது.

2019-இல் யூபிஐ வந்து சேர்ந்தது. அதுவரை தரகரிடம் படிவம் கொடுத்தால், பணத்தை முடக்க அந்தப் படிவம் வங்கிக்குக் கையால் போக வேண்டியிருந்தது. யூபிஐ வந்தபிறகு கைபேசியில் ஒரு கோரிக்கை வரும், நாம் இரகசிய எண்ணைப் போட்டு ஒப்புக்கொண்டால் அந்த நொடியே பணம் முடங்கும். கடைசியாக, 2023 டிசம்பர் 1 முதல் எல்லா வெளியீடும் முடிந்த மூன்றாம் வேலை நாளே சந்தைக்கு வந்தாக வேண்டும் என்பது கட்டாயம்.

எல்ஐசி வெளியீட்டில் நம்மில் பலர் விண்ணப்பித்தோம் அல்லவா? அது ஆறு நாள் விதி இருந்தபோது வந்தது. 2022 மே 4 அன்று திறந்தது, 9-ஆம் தேதி முடிந்தது. சனி, ஞாயிறும் வாங்கினார்கள். பங்கு கிடைக்காதவர்களின் பணத்தை விடுவிக்கும் நாள் மே 13 என்று அட்டவணையில் இருந்தது. சந்தைக்கு வந்தது 17-ஆம் தேதி. முதல் நாளே ஆர்வமாகப் போட்டவருக்குப் பணம் ஒன்பது நாள் முடங்கியது. எழுபது நாளோடு ஒப்பிட்டால் ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. இன்றைய விதியில் அதுவும் இன்னும் குறைந்திருக்கும்.

சரி, இப்போது டீச்சரின் கதைக்கு வருவோம். அதை நாள் நாளாகப் பார்த்தால் இன்றைய விதி எப்படி ஓடுகிறது என்பது தெளிவாகும். கம்பெனி பெயரும் வங்கி பெயரும் வேண்டாம்.

வெளியீடு திங்கள் திறந்து புதன் முடிந்தது. விலை 140 முதல் 147 ரூபாய். ஒரு லாட் என்பது 100 பங்கு. டீச்சர் இரண்டு லாட்டுக்கு, வெட்டு விலையில், அதாவது கடைசியில் எந்த விலை முடிவானாலும் சம்மதம் என்று போட்டிருந்தார். அப்படிப் போட்டால் உச்ச விலைக்குத்தான் பணம் முடங்கும். 200 பங்கு, 147 ரூபாய், ஆக 29,400 ரூபாய். திங்கள் மதியம் கைபேசியில் கோரிக்கை வந்தது, ஒப்புக்கொண்டார். முடக்கம் விழுந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. அவர் அதைப் படிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் செக் திரும்பிய கதை. வங்கிக் கணினியில் நம் கணக்குக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கணக்கில் உள்ள மொத்த இருப்பு. இன்னொன்று நாம் எடுக்கக்கூடிய இருப்பு. பாஸ்புக்கில் அச்சாகும் கடைசி வரி முதல் எண். டீச்சருக்கு அது 38,000. அதில் 29,400 முடங்கியதால் எடுக்கக்கூடியது 8,600 மட்டுமே. 18,500 ரூபாய் செக் வந்தபோது வங்கி பார்த்தது இரண்டாம் எண்ணை. செக் திரும்பியது. அதற்குத் தண்டக் கட்டணம் வேறு. இதில் யார் தவறும் இல்லை. ஆனால் இதை முன்பே யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: கடன் தவணை போகும் கணக்கு, செக் கொடுத்திருக்கும் கணக்கு, இவற்றிலிருந்து விண்ணப்பம் போடாதீர்கள். போட்டால், முடங்கும் தொகையைக் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடங்கிய பணத்துக்கு வட்டி உண்டா என்று டீச்சர் கேட்டார். உண்டு. பணம் இன்னும் அவருடைய சேமிப்புக் கணக்கில்தான் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் சேமிப்புக் கணக்கு வட்டியை நாள்வாரி இருப்பில் கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி. அதற்கு முன்பு மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. அந்தக் காலத்தில் செக் கொடுத்து விண்ணப்பித்திருந்தால் அந்த மாத வட்டியே போயிருக்கும். இன்று ஒரு நாள் வட்டிகூடப் போகாது.

புதன் மாலை ஐந்து மணி. யூபிஐ கோரிக்கையை ஒப்புக்கொள்ள அதுதான் கடைசி நேரம். விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, கோரிக்கையை ஒப்புக்கொள்ள மறந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பணமும் முடங்காது, விண்ணப்பமும் செல்லாது. அதேபோல, மனம் மாறினால் சிறு முதலீட்டாளர் விண்ணப்பத்தை வெளியீடு முடியும் வரைதான் திரும்பப் பெற முடியும். முடிந்தபிறகு ஒதுக்கீட்டுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வியாழன், முடிந்த மறுநாள். இன்று பதிவாளர் நிறுவனம் எல்லா விண்ணப்பத்தையும் சரிபார்க்கும். ஒரே பான் எண்ணில் இரண்டு விண்ணப்பம் இருந்தால் தள்ளிவிடும். அடுத்தவர் வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ ஒப்புதல் கொடுத்திருந்தாலும் தள்ளிவிடும். அம்மா பெயரில் டீமேட், மகன் கணக்கில் பணம் என்று போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாலைக்குள் ஒதுக்கீட்டுப் பட்டியல் முடிவாகிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 2012-இல் செபி கொண்டுவந்த மாற்றத்தின்படி, சிறு முதலீட்டாளர் பிரிவில் விண்ணப்பதாரர் எண்ணிக்கை லாட் எண்ணிக்கையைவிட அதிகமானால், குலுக்கல் முறையில் ஆளுக்கு ஒரு லாட்தான். ஒரு லாட் கேட்டவருக்கும் பத்து லாட் கேட்டவருக்கும் ஒரே வாய்ப்பு. டீச்சர் இரண்டு லாட் கேட்டதால் அவருடைய வாய்ப்பு கூடவில்லை. முடங்கிய பணம்தான் இரட்டிப்பானது. ஒரு லாட் மட்டும் கேட்டிருந்தால் எடுக்கக்கூடிய இருப்பு 23,300 ரூபாயாக இருந்திருக்கும். 18,500 ரூபாய் செக் திரும்பியே இருக்காது.

வெள்ளி, முடிந்த இரண்டாம் வேலை நாள். பணம் விடுபடும் நாள் இதுதான். இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரை மணிக்குள் வங்கிகளுக்கு உத்தரவு போய்விட வேண்டும். ஒதுக்கீடு கிடைத்தவர்களின் பணம் கம்பெனியின் வெளியீட்டுக் கணக்குக்கு மதியம் 2 மணிக்குள் போக வேண்டும். கிடைக்காதவர்களின் முடக்கம் மாலை 4 மணிக்குள் நீங்க வேண்டும். டீச்சருக்குக் குலுக்கலில் ஒரு லாட் கிடைத்திருந்தது. விலையும் 147 என்றே முடிவானது. ஆக 14,700 ரூபாய் கணக்கிலிருந்து கழிய வேண்டும். மீதி 14,700 விடுபட வேண்டும். திங்கள் காலை பங்கு சந்தைக்கு வரும்.

கழிய வேண்டியது வெள்ளியன்றே கழிந்துவிட்டது. விடுபட வேண்டியது விடுபடவில்லை.

சனிக்கிழமை மறுபடி போன். "சார், 23,300 இருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் 8,600-க்கு மேல் எடுக்க முடியவில்லை. மீதியையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்களா?"

"எடுக்க மாட்டார்கள் டீச்சர். அது உங்கள் பணம். பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான்" என்றேன்.

ஆனால் பூட்டு திறக்கவில்லை என்பது சின்ன விஷயம் அல்ல. பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் செவ்வாய். பேத்தியின் அப்பா வெளிநாட்டில். டீச்சர் அக்கம்பக்கத்தில் கைமாற்று கேட்டு வாழ்ந்தவர் அல்ல.

திங்கள் காலை நானும் கூடப் போனேன். கிளையில் இருந்த இளைஞர், "கம்பெனிக்காரர்கள்தான் விடுவிக்க வேண்டும், அங்கே கேளுங்கள்" என்றார். இது பலருக்கும் கிடைக்கும் பதில். பணம் அவருடைய வங்கியில், பூட்டைப் போட்டது அவருடைய வங்கி, கம்பெனியிடம் கேட்கச் சொல்கிறார்! பதிவாளரின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் ஒதுக்கீட்டு நிலவரம் தெரியும். 100 பங்கு ஒதுக்கப்பட்டது என்ற பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். விண்ணப்ப எண், முடக்கம் விழுந்த குறுஞ்செய்தி, 14,700 கழிந்த குறுஞ்செய்தி, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அதில் கடைசியாக ஒரு வரி: முடக்கம் நீங்கத் தாமதமானால் செபியின் விதிப்படி இழப்பீடு தர வேண்டும்.

அந்த வரிக்கு 2021 மார்ச்சில் வந்த செபி சுற்றறிக்கைதான் ஆதாரம். பங்கு கிடைக்காதவருக்கோ, கேட்டதில் குறைவாகக் கிடைத்தவருக்கோ முடக்கத்தை நீக்க வங்கி தாமதித்தால், நாளுக்கு 100 ரூபாய் அல்லது விண்ணப்பத் தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். மூன்று நாள் விதி வந்தபிறகு இந்தக் கணக்கு வெளியீடு முடிந்த மூன்றாம் வேலை நாளிலிருந்து தொடங்குகிறது. டீச்சரின் 29,400 ரூபாய்க்கு 15 சதவீதம் என்றால் நாளுக்கு 12 ரூபாய்தான். ஆகவே அவருக்கு 100 ரூபாய் கணக்கு. விண்ணப்பத் தொகை சுமார் 2,43,000 ரூபாயைத் தாண்டினால்தான் 15 சதவீதம் அதிகமாக வரும். அதாவது இந்த 100 ரூபாய் விதி சின்ன விண்ணப்பக்காரரை மனதில் வைத்தே எழுதப்பட்டது போலிருக்கிறது. 12 ரூபாய்க்கு எந்த வங்கியும் பயப்படாது. ஆயிரம் பேருக்கு நாளுக்கு 100 ரூபாய் என்றால் பயப்படும்.

கடிதத்தை மேலாளர் வாங்கிப் படித்தார். தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். செவ்வாய் மதியம் பூட்டு திறந்தது. டீச்சர் அன்றே பள்ளிக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டிவிட்டார். இழப்பீடு கேட்டு இன்னொரு கடிதம் எழுதினோம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கு 200 ரூபாய் சில வாரம் கழித்து வரவானது. வங்கி பதிலே சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த படி செபியின் புகார்த் தளம். முகவரி scores.sebi.gov.in. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

அந்த 200 ரூபாயில் எனக்கும் அவருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார் டீச்சர். "இவ்வளவு விதி இருப்பது எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்கு என் அப்பா நினைவு வந்தது. 1986-இலோ 87-இலோ ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு 1,000 ரூபாய் விண்ணப்பம் போட்டார். பங்கு வரவில்லை. ரீஃபண்ட் ஆர்டரும் வரவில்லை. மூன்று மாதம் கழித்துக் கடிதம் எழுதினார். அனுப்பிவிட்டோம் என்று பதில். தபாலில் தொலைந்ததா, யாராவது பணமாக்கினார்களா, கடைசிவரை தெரியவில்லை. அப்பாவின் இரண்டு மாதச் சேமிப்பு அது. சாகும்வரை பங்கு என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை.

அப்பாவின் பணம் அன்று வீட்டைவிட்டு வெளியே போயிருந்தது. எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. டீச்சரின் பணம் வீட்டுக்குள்ளேயே, பூட்டிய பெட்டியில் இருந்தது. சாவி வைத்திருப்பவர் யார், எந்த நாள் எந்த மணிக்குத் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் என்ன தர வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் சுமார் நாற்பது வருடம். வரலாறு முன்னேறியதா என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் முன்னேறியது என்று சொல்வேன். ஆனால் வெள்ளி மாலை நாலு மணிக்குப் பூட்டு திறந்ததா என்று பார்ப்பது இன்னும் நம் வேலையாகத்தான் இருக்கிறது.

ஆகவே விண்ணப்பம் போடுகிறவர்கள் காலண்டரில் ஒரே ஒரு நாளைக் குறித்து வையுங்கள். வெளியீடு முடியும் நாளுக்கு அடுத்த இரண்டாவது வேலை நாள். அன்று மாலை பாஸ்புக் இருப்பைப் பார்க்காதீர்கள். எடுக்கக்கூடிய இருப்பைப் பாருங்கள்.

உங்களில் யாராவது ஸ்டாக்இன்வெஸ்ட் தாளைக் கையில் வாங்கியவர் உண்டா? பழைய ரீஃபண்ட் ஆர்டர் கதை ஏதாவது இருக்கிறதா? கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.